வீட்டைப் பார்த்துவிட்டால் போதுமா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

[திரையில்: கைப்பேசியில் ஒரு வாடகை விளம்பரம். படங்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன.]

வணக்கம். இந்த விளம்பரத்தைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு படுக்கையறை, நல்ல வெளிச்சம், பால்கனி முழுக்கச் செடிகள். அக்கம்பக்கத்து வீடுகளை விட வாடகை மூன்றில் ஒரு பங்கு குறைவு. இது நான் உங்களுக்காகத் தயாரித்த மாதிரிதான். ஆனால் இதில் வரும் ஒவ்வொன்றும் மோசடி விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருவது.

சரி, விசாரித்து ஒரு மெசேஜ் போடுகிறோம். பதில் வருகிறது.

[திரையில்: மெசேஜ் வரிவரியாகத் தோன்றுகிறது.]

"வணக்கம். வேலை விஷயமாகக் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறேன். புரோக்கர்களிடம் பட்டது போதும், அதனால் நேரடியாகவே கொடுக்கிறேன். எனக்குப் பணம் பெரிதில்லை, வீட்டைச் சொந்த வீடு போலப் பார்த்துக்கொள்பவர்கள்தான் வேண்டும். ஒரு மாத அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருவேன். நேற்றே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று தோன்றுகிறதா? அதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். வெளிநாடு என்று சொல்லிவிட்டால் நேரில் வரச் சொல்ல முடியாது. புரோக்கர் வேண்டாம் என்றால் குறுக்கே கேள்வி கேட்க ஆள் இல்லை. பணம் பெரிதில்லை என்பது வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்ற சந்தேகத்துக்கு முன்கூட்டியே தரும் பதில். கடைசி வரி, இன்று இரவே பணத்தை அனுப்ப வைப்பதற்கு.

கூடவே நாம் கேட்காமலேயே ஓர் அடையாள அட்டையின் படமும் வரும். அதைப் பார்த்துதான் நிறைய பேர் நம்பிவிடுகிறார்கள். அந்த அட்டை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது இவருடையதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முன்பு ஏமாந்த ஒருவர், "உங்கள் அட்டையையும் அனுப்புங்கள், ஒப்பந்தம் தயார் செய்ய வேண்டும்" என்று இவர்கள் கேட்டபோது அனுப்பியதாக இருக்கலாம். நீங்கள் அனுப்பினால் அடுத்த ஆளுக்கு உங்கள் அட்டை போகும்.

[திரையில்: பால்கனிப் படம் பெரிதாகிறது. இடது கீழ் மூலையில் மங்கலான ஒரு பட்டை.]

இப்போது படத்துக்கு வருவோம். இந்த மூலையில் லேசாகத் தேய்த்தது போல ஒரு மங்கல் தெரிகிறதா? வேறொரு தளத்தின் முத்திரை அங்கே இருந்திருக்கிறது, அதை அழித்திருக்கிறார்கள். படத்தைச் சேமித்து, கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ ஏற்றித் தேடுங்கள். இதே பால்கனி இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு விற்பனை விளம்பரத்தில், வேறு ஊரில் கிடைத்தால் கதை அங்கேயே முடிந்தது.

கிடைக்கவில்லை என்றால்? அதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டிருந்தால் தேடல் தடுமாறலாம். அதனால் நீங்களும் ஒரு முறை திருப்பிப் போட்டுத் தேடுங்கள். படத்தில் எழுத்து இருந்தால் சுலபமாகப் பிடிபடும்: அலமாரியில் இருக்கும் புத்தகத்தின் தலைப்பு இடவலமாக மாறியிருக்கும். மின் பிளக் வடிவத்தையும் பாருங்கள். உங்கள் நாட்டில் இல்லாத பிளக் சுவரில் இருந்தால் அந்த வீடு உங்கள் ஊரில் எப்படி இருக்கும்?

அடுத்து முகவரி. வெறும் தெருப் பெயர் போதாது, கதவு எண் வேண்டும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். தந்தால், அந்த முகவரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதே வீடு வேறு பெயரில், வேறு எண்ணில், சில நேரம் விற்பனைக்கு என்று நிற்கும். வரைபடத்தில் தெருக்காட்சி இருந்தால் கட்டடத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது மாடி என்கிறார், கட்டடத்துக்கே இரண்டு மாடிதான் என்பது போன்றவை அங்கே தெரிந்துவிடும்.

நேரில் போக முடியாதவர்கள் நேரலை வீடியோ அழைப்பு கேளுங்கள். பதிவு செய்த வீடியோ வேண்டாம். அழைப்பு தெருவிலிருந்து தொடங்க வேண்டும்: வாசல் எண், படிக்கட்டு, கதவு திறப்பது, உள்ளே நுழைவது, எல்லாம் ஒரே தொடர்ச்சியாக. நடுவில் அவர் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லுங்கள். "குழாயைத் திறந்து காட்டுங்கள்", "அந்த ஜன்னலைத் திறங்கள், வெளியே என்ன தெரிகிறது பார்ப்போம்." உண்மையான ஓனருக்கு இது பத்து வினாடி வேலை. மற்றவருக்கு அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விடும்.

[திரையில்: சாவியோடு ஒருவர் கதவைத் திறக்கிறார்.]

இதுவரை சொன்னது சுலபமான வகை. எனக்கு உண்மையில் பயம் தருவது இந்த இரண்டாவது வகை. ஆள் நேரில் வருகிறார், சாவி வைத்திருக்கிறார், வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். நீங்கள் குழாயைத் திறந்து பார்க்கிறீர்கள், தண்ணீர் வருகிறது. கையோடு அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள். குடிபோகும் நாளன்று வாசலில் உங்களைப் போல இன்னும் நான்கு குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நிற்கின்றன.

நடந்தது என்ன? அவர் அந்த வீட்டைச் சில நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தவர். படங்களும் அவரே எடுத்தவை, அதனால் படத் தேடலில் எதுவும் சிக்காது. வீடு இருக்கிறது என்று நீங்கள் சரிபார்த்துவிட்டீர்கள். அதை வாடகைக்கு விட இவருக்கு உரிமை இருக்கிறதா என்பதைச் சரிபார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கான பதில் வீட்டுக்குள் கிடைக்காது, ஆவணத்தில்தான் கிடைக்கும். பல நாடுகளில் நிலப் பதிவு அல்லது சொத்து வரிப் பதிவில் உரிமையாளர் பெயரைப் பார்க்க முடியும், சில இடங்களில் சிறு கட்டணம் இருக்கும். அதை நீங்களே எடுங்கள், அவர் அனுப்பும் நகலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பதிவில் இருக்கும் பெயர், நேரில் காட்டும் அடையாள அட்டையில் இருக்கும் பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "தம்பி கணக்குக்கு அனுப்புங்கள்" என்றால் நின்றுவிடுங்கள். ஓனர் சார்பில் வேறொருவர் கையெழுத்திடுகிறார் என்றால் அதற்கான அதிகாரப் பத்திரம் வேண்டும், ஓனரிடமும் தனியாகப் பேச வேண்டும். அடுக்குமாடி என்றால் காவலாளியிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரு கேள்வி போதும்: "இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு நாளாக?" தினம் ஒரு முகம் வந்து போகும் வீடு என்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வாகனமோ நிலமோ வாங்கும்போதும் இதே கணக்குதான். பொருளைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பதிவுச் சான்றில் இருக்கும் பெயரையும் பாருங்கள்.

[திரையில்: பணம் செலுத்தும் பக்கம்.]

பணம் கொடுக்கும் விதத்திலும் ஒரு சூது உண்டு. "நடுவில் ஒரு நிறுவனம் பணத்தை வைத்துக்கொள்ளும், பயமே இல்லை" என்று லிங்க் அனுப்புவார்கள். அந்தத் தளமே அவர்களுடையதாக இருக்கும். அவர் அனுப்பிய லிங்க்கைத் தொடாமல், அந்த நிறுவனத்தின் முகவரியை நீங்களே கண்டுபிடித்துத் தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள். பரிசு அட்டை, கிரிப்டோ என்று கேட்டால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம், அப்படிப் போன பணத்தைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம். வீட்டைப் பார்ப்பதற்கே ஒரு சிறு தொகை, "பிறகு கழித்துக்கொள்ளலாம்" என்று கேட்பதும் அதே ஆட்டம்தான். தொகை சிறியது என்பதால் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்ற கணக்கு.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? முதல் அழைப்பு வங்கிக்கு, உடனே. பணம் அந்தக் கணக்கிலிருந்து வேறு கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு. அவரிடம் கோபமாக மெசேஜ் போடுவதற்கு முன்னால் விளம்பரம், லிங்க், உரையாடல், கணக்கு எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அப்புறம் காவல்துறையிலும், விளம்பரம் வந்த தளத்திலும் புகார். அதற்குப் பிறகு சில வாரத்தில், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஓர் அழைப்பு வரலாம். அதுவும் அவர்களாகவே இருக்கலாம். உங்கள் எண் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.