இளம் வழக்கறிஞரின் ரெஸ்யூமே: ஒரு வரி நான்கு கேள்வியைத் தாங்க வேண்டும்

(சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் சட்ட மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரை)

சபைத் தலைவர் அவர்களே, விடுமுறை நாளிலும் மண்டபத்தைத் திறந்து தந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, ஆலய நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, டத்தோ அவர்கள் வேறொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் சார்பில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைப் பொறுப்பாளர்களே, நாற்காலி போதாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் பெற்றோர்களே, சட்டம் படிக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

இன்டர்ன்ஷிப், மாதிரி வழக்காடும் மூட் போட்டி, வழக்குத் தாள் எழுதும் டிராஃப்டிங், நீதிமன்ற அனுபவம் என்று நான்கு தலைப்புகளை நோட்டீஸில் அச்சடித்துவிட்டார்கள். நான்கையும் தொட முயல்கிறேன். ஆனால் 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, ரெஸ்யூமே எழுத உட்காரும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

நீங்கள் எழுதும் அந்த இரண்டு பக்கத்தை யார் படிக்கிறார்? ஒன்பது மாத சேம்பரிங் பயிற்சிக்குப் பிள்ளை எடுக்க நினைக்கும் ஒரு மாஸ்டர், அதாவது பயிற்சி தரும் வழக்கறிஞர். குறைந்தது ஏழாண்டு தொழில் செய்தவர்தான் மாஸ்டராக இருக்க முடியும். அவர் எல்லா வரிகளையும் கேட்பதில்லை. ஒரே ஒரு வரியில் விரலை வைத்து, அதைத்தான் தோண்டுவார்.

எப்படித் தோண்டுவார் என்று ஒரு கதையாகவே சொல்கிறேன். ஈப்போவில் இடம் கேட்டுப் போகிறது ஒரு பிள்ளை. தோட்டத்துப் பிள்ளை, நல்ல மதிப்பெண், அம்மா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. ரெஸ்யூமேயில் 'சம்மரி ஜட்ஜ்மெண்ட் விண்ணப்பம் டிராஃப்ட் செய்தேன்' என்று ஒரு வரி. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்கிறார்: "ஏன் தம்பி அந்த விண்ணப்பம் போட்டீர்கள்?" தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, "பிரதிவாதி கோர்ட்டுக்கே வரவில்லை சார், அதனால்தான்" என்கிறான். மாஸ்டர் சிரிக்கவில்லை. "வரவில்லையா? அப்பியரன்ஸ் போடவே இல்லையா?" "இல்லை சார்." "நிச்சயமாகத் தெரியுமா?" "நிச்சயம் சார்." அவ்வளவுதான், நேர்காணல் முடிந்துவிட்டது. தேநீர் மட்டும் மிச்சம், அதுவும் ஆறிப்போய்விட்டது.

சட்டம் தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வழக்கைத் தொடங்கும் தாளான ரிட்டைச் சார்வு செய்த பிறகும், அதாவது பிரதிவாதி கையில் முறைப்படி சேர்த்த பிறகும், 'வழக்கில் ஆஜராகிறேன்' என்று சொல்லும் அப்பியரன்ஸ் தாளை அவர் போடவில்லையென்றால், 2012 நீதிமன்ற விதிகளில் ஆர்டர் 13-இன் கீழ் டிஃபால்ட் தீர்ப்பு வாங்கலாம். ஆர்டர் 14, அதாவது முழு விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கும் சம்மரி ஜட்ஜ்மெண்ட், அதற்கு நேர்மாறானது. அவர் அப்பியரன்ஸ் போட்டிருக்க வேண்டும், நம் கோரிக்கையைச் சொல்லும் ஸ்டேட்மென்ட் ஆஃப் கிளைம் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். அதன் பிறகுதான், 'இவரிடம் விசாரணைக்குப் போகும் அளவுக்கு மறுப்பு எதுவும் இல்லை' என்று நாம் கேட்க முடியும்.

பையன் பொய் சொல்லவில்லை. இன்டர்ன்ஷிப்பில் இருந்தபோது பழைய விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றச் சொல்லியிருப்பார்கள், மாற்றியிருப்பான். கோப்பைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டான். ரிட், சார்வு செய்ததற்கான அஃபிடவிட், அதன் பின்னால் அப்பியரன்ஸ் மெமோராண்டம் என்று தாள்கள் வரிசையாக இருந்திருக்கும். அந்த ஒரு தாளைக் கண்ணால் பார்த்திருந்தால் போதும். உங்கள் கைக்கு எந்த டிராஃப்ட் வந்தாலும், அதற்கு முந்திய தாள் எது, பிந்திய தாள் எது என்று கோப்பிலேயே பார்த்துக் குறித்து வையுங்கள்.

ஆகவே டிராஃப்டிங் வரி ஒவ்வொன்றும் நான்கு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்தத் தாள், எந்த நீதிமன்றம், வழக்கு எந்தக் கட்டம், அதில் உங்கள் கை எவ்வளவு. அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: 'செஷன்ஸ் நீதிமன்றம், சரக்கு விற்ற பாக்கி, சுமார் 180,000 வெள்ளி. அப்பியரன்ஸ் போட்ட பிறகு ஆர்டர் 14 விண்ணப்பத்துக்கு ஆதரவான அஃபிடவிட்டின் முதல் டிராஃப்ட், மலாயில். மேற்பார்வை வழக்கறிஞர் திருத்தித் தாக்கல் செய்தார்.' தொகையைப் போட்டால் ஏன் செஷன்ஸ் என்பதும் தானாக விளங்கும், ஏனென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் வரம்பு 100,000 வெள்ளிதான். கட்சிக்காரர் பெயரை மட்டும் போடாதீர்கள். அவர் ரகசியத்தை வெளியே விடும் பிள்ளையை எந்த மாஸ்டரும் எடுக்க மாட்டார். 'மலாயில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போகும் தாள் தேசிய மொழியில் போக வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பழகிய பிள்ளைக்கு முதல் வாரமே மூச்சு முட்டும்.

நீதிமன்ற அனுபவத்திலும் அளந்துதான் போட வேண்டும். பார்த்தது வேறு, கூடப் போனது வேறு, வாய் திறந்து பேசியது வேறு. சேம்பரிங்கில் மூன்று மாதம் முடித்து ஷார்ட் கால் என்ற இடைக்கால அனுமதி வாங்கிய பிறகுதான், வழக்கின் நிலையைச் சொல்லும் மென்ஷன் போன்ற சிறு காரியங்களுக்கு நீங்கள் எழுந்து நிற்க முடியும். அப்போதுகூட விசாரணை நடத்தவோ சாட்சியைக் கேள்வி கேட்கவோ அனுமதி இல்லை. 'சேம்பரிங்கில் விசாரணை நடத்தினேன்' என்று எழுதியவரை, இந்த விதி தெரிந்த எவரும் அதே இடத்தில் பிடித்துவிடுவார்.

மூட் போட்டியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பேசினீர்களா, ஆய்வு செய்தீர்களா, எந்தத் தரப்பு, எழுத்து வாதமான மெமோரியலில் எந்தப் பிரச்சினை உங்கள் எழுத்து என்று போடுங்கள். கலந்துகொண்டதாக மட்டும் எழுதுவது வருகைப் பதிவேடு. விரிவாகச் சொல்ல ஆசைதான், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஏனென்றால் நான் வந்த காரியம் வேறு. பெரிய ஊர் அலுவலகங்களில் இன்டர்ன்ஷிப் கிடைக்காத பிள்ளை டிராஃப்டிங்குக்கு எங்கே போவான் என்று கேட்கிறீர்கள். நம் ஊரிலேயே வேலை குவிந்து கிடக்கிறது. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட தொழிலாளி, தன்னை நியாயமின்றி நிறுத்தியதாக 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். இந்தக் கெடுவை நீட்டித் தர யாருக்கும் அதிகாரம் கிடையாது. மார்ச் 3-ஆம் தேதி ஒருவரை நிறுத்தினார்கள் என்று வையுங்கள். 'இரண்டு மாதம் இருக்கிறதே' என்று நினைப்பவர் மே 3 அன்று போவார். மறுநாளிலிருந்து எண்ணிப் பாருங்கள்: மார்ச்சில் 28, ஏப்ரலில் 30, மே 2-ஆம் தேதியோடு 60 முடிந்துவிடும். மானேஜர் 'பார்க்கலாம்' என்று சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்த மனிதர், ஒரு நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். ஆற்றில் போடுவதையே அளக்கச் சொன்னவர்கள், நாட்களை அளக்காமல் விடலாமா?

அதற்காகத்தான் ஆலய மண்டபத்தில் சனிக்கிழமை காலை ஒரு மேசை கேட்கிறோம். தொழிலாளி சொல்வதைக் கேட்டு, சம்பளச் சீட்டையும் நிறுத்தல் கடிதத்தையும் பார்த்து, தேதிவாரியாக ஒரு பக்கம் எழுதுவது பிள்ளைகளின் வேலை. ஆலோசனை சொல்லக் கூடாது. உரிமம் உள்ள வழக்கறிஞர் ஒருவர் அதே மேசையில் உட்கார்ந்து படித்துத் திருத்தாமல் எந்தத் தாளும் வெளியே போகக் கூடாது. உரிமம் இல்லாதவர் வழக்கறிஞர் வேலை செய்தால் அது குற்றம். இப்படி எழுதிய பக்கம் ரெஸ்யூமேயில் நேர்மையாக ஏறும்: 'பணிநீக்க மனுவுக்கான தேதிக் குறிப்பு, தமிழில் கேட்டு மலாயில் எழுதியது, வழக்கறிஞர் மேற்பார்வையில்.' தமிழில் கேட்டு மலாயில் எழுதத் தெரிந்த பிள்ளை கோலாலம்பூரில் எத்தனை பேர்?

சங்கக் கிளைச் செயலாளர் தொழிலாளிகளுக்குச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஊரில் இருக்கும் வழக்கறிஞர்கள் முறை வைத்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்தால் போதும். பெயர் கொடுக்கும் தாள் வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இனி வேண்டியது ஆலயத் தலைவரின் சம்மதமும் மண்டபச் சாவியும்தான். அவர் இதோ மேடையிலேயே இருக்கிறார், ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்கிறேன்.