ஷேடு கார்டில் பார்த்த நிறம் உங்கள் முடியில் எப்படித் தெரியும்? புகைப்படத்தில் நம்பத்தக்க முன்தோற்றம் தயாரிக்கும் முறை

[திரையில்: பார்லர் ஷேடு கார்டு. 5.3 என்று எண்ணிட்ட முடிச்சுருள் பெரிதாகத் தெரிகிறது.]

வணக்கம். தலைமுடிக்குச் சாயம் பூசுவதற்கு முன்பே அது நம் முகத்துக்கு எப்படி அமையும் என்று பார்த்துவிட வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் பெரும்பாலான கைப்பேசிச் செயலிகள் தலை முழுவதும் ஒரே நிறத்தைப் பூசிக் காட்டிவிடுகின்றன. கருப்பு முடிக்கும் நரை முடிக்கும் அவை வேறுபாடு பார்ப்பதில்லை. பார்லரில் உண்மையிலேயே கிடைக்கும் சாயத்தோடும் அந்த நிறத்துக்குத் தொடர்பு இருப்பதில்லை. ஆகவே இந்த வீடியோவில், ஷேடு கார்டிலிருந்தே நிறத்தை எடுத்து, GIMP என்ற இலவச மென்பொருளின் உதவியோடு ஒருவரின் புகைப்படத்தில் அதைப் பொருத்தி, அவருடைய சருமத்தின் அடிநிறத்துக்கு ஏற்பத் திருத்துவது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

[திரையில்: பால்கனி வெளிச்சத்தில் எடுத்த முகப் படம்.]

மயிலாப்பூரில் வசிக்கும் 46 வயது ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய முடி நல்ல கருப்பு. நெற்றியோரத்திலும் வகிட்டிலும் நரை அதிகம். மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நரை. இதுவரை அவர் மருதாணியோ சாயமோ இட்டதில்லை. கார்டில் அவருக்குப் பிடித்தது 5.3. புள்ளிக்கு முன்னால் உள்ள 5, நிறத்தின் ஆழத்தைக் குறிக்கிறது: 1 கருப்பு, 5 இளம் பழுப்பு, 10 மிக வெளிறிய பொன்னிறம். புள்ளிக்குப் பின்னால் உள்ள 3, பொன் சாயலைக் குறிக்கிறது. இந்த இரண்டாவது எண் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறக்கூடும் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் கார்டைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவர் அந்தச் சுருளைத் தொட்டுக் காட்டியபோது பார்லர் பெண் சொன்ன பதில் இதுதான்: “மேடம், கார்டுல தெரியற மாதிரியே கருப்பு முடியில வராது. நரை இருக்கற எடத்துல மட்டும்தான் கிட்டத்தட்ட அப்படி வரும்.”

நாம் செய்யப்போகும் வேலை முழுவதும் இந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. கார்டில் உள்ள சுருள்கள் வெள்ளை இழைகளின் மீது நிறமேற்றப்பட்டவை. அடியில் வேறு நிறம் இல்லாததால் சாயம் தன் முழு நிறத்தையும் அங்கே காட்டுகிறது. நரை முடியும் ஏறத்தாழ அப்படித்தான். கருப்பு முடியிலோ, சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் முதலில் இயற்கை நிறமியைக் கரைத்து இடம் ஏற்படுத்த வேண்டியிருக்கிறது. வழக்கமாகப் பயன்படும் 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, முடியை ஒன்று அல்லது இரண்டு படிதான் வெளிறச் செய்யும். ஆசிரியையின் முடி 2-ஆம் படியில் இருப்பதால் அது 4 வரை வரலாம், 5-ஐ எட்டாது.

[திரையில்: முகத்தோடு சேர்த்து எடுத்த படம். காதருகே ஷேடு சுருள், கையில் வெள்ளைத் தாள்.]

முதல் வேலை படம் எடுப்பது. பார்லரின் மஞ்சள் விளக்கில் கார்டை ஒரு படமும், வீட்டு மாடியின் நண்பகல் வெயிலில் முகத்தை ஒரு படமும் எடுத்தால், இரண்டு வேறு வெளிச்சங்களின் நிறங்களை ஒன்றாகக் கலந்தவர்கள் ஆவோம். கார்டைக் கேட்டு வாங்கி, சுருளைக் காதருகே பிடித்து, முகமும் சுருளும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பதே சரி. சென்னை வெயிலில் நேராக நிற்க வேண்டாம். நேரடி வெயில் படாத சன்னலோரமோ பால்கனியோ போதும். கைப்பேசியில் அழகூட்டும் ஃபில்டரைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். அது சருமத்தை வெளுப்பாக்கும்போது, நாம் தேடுகிற அடிநிறத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

படத்துக்குள் ஒரு வெள்ளை A4 தாளும் இருக்கட்டும். GIMP-இல் Colors பட்டியலில் உள்ள Levels சாளரத்தைத் திறந்து, சாம்பல் புள்ளி எடுக்கும் கருவியால் தாளின் மீது சொடுக்கினால், வெளிச்சத்தின் சாயல் படத்திலிருந்து நீங்கிவிடும். தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருப்பதால் பகல் வெளிச்சத்தில் அது சற்று நீலமாகத் தெரியும். அதனால் திருத்திய படம் ஒரு சிறு அளவு மஞ்சள் பக்கம் சாயக்கூடும். முகத்துக்கும் சுருளுக்கும் அந்தப் பிழை பொதுவானது என்பதால் ஒப்பீடு கெடுவதில்லை.

[திரையில்: சுருளின் மீது நகரும் Color Picker வட்டம்.]

இப்போது நிறத்தை எடுப்போம். வளைந்த முடிச்சுருளில் மூன்று பகுதிகள் தெரியும்: ஒளி தெறிக்கும் மேடு, நடுப்பகுதி, நிழல் விழுந்த பள்ளம். மேட்டில் தெரிவது பெரும்பாலும் விளக்கின் ஒளியே தவிர சாயம் அன்று. அங்கிருந்து நிறத்தை எடுத்தவர்களின் முன்தோற்றம் எப்போதும் உண்மையைவிட வெளிறியே இருக்கும். ஆகவே மேட்டையும் பள்ளத்தையும் தவிர்த்து நடுப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளியை எடுத்தால் ஒரு தனி இழையின் நிறம்தான் கிடைக்கும் என்பதால், Sample average என்பதைத் தேர்வு செய்து ஆரத்தை 15 அளவில் வையுங்கள். நம் படத்தில் 5.3 சுருளின் நடுப்பகுதி LCh அளவில் 38, 28, 58 என்று வருகிறது. முதல் எண் வெளிச்சம், இரண்டாவது நிறத்தின் செறிவு, மூன்றாவது நிறத்தின் திசை. திசை எண் குறைந்தால் சிவப்பை நோக்கியும், கூடினால் மஞ்சளை நோக்கியும் நகர்கிறோம் என்று நினைவில் வைத்தால் போதும்.

அதே கருவியால் ஆசிரியையின் சருமத்தையும் அளப்போம். கன்னத்தில் சிவப்பு ஏறியிருக்கலாம். நெற்றி வெயிலில் கறுத்திருக்கலாம். அதனால் காதுக்குக் கீழே, தாடை கழுத்தோடு சேரும் இடத்தில் அளப்பதே நல்லது. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் நம் மாநிறச் சருமத்தின் வழியாகப் பார்க்கும்போது பெரும்பாலானவர்களுக்கு நரம்பு பச்சையாகவே தோன்றும். ஆசிரியைக்குத் திசை எண் 64 வருகிறது. மஞ்சள் சாயல் தூக்கலாக உள்ள, பொன் அடிநிறம் கொண்ட சருமம் இது. சிவப்பு அடிநிறம் உள்ளவர்களுக்கு இந்த எண் 50-ஐ ஒட்டி இறங்கும்.

[திரையில்: இரண்டு லேயர்கள். ஒன்று நரைக்கு, ஒன்று கருப்பு முடிக்கு.]

அடுத்தது நிறத்தைப் பூசுவது. ஒரே லேயரில் முழுத் தலையையும் நிரப்புவதுதான் இங்கே பரவலாக நடக்கும் தவறு. நரை முடியை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு லேயர் வைத்து, அதன் Mode-ஐ Multiply ஆக்குங்கள். வெள்ளையின் மீது பெருக்கும்போது நாம் எடுத்த நிறமே கிடைக்கும்; சாயம் நரையில் செய்வதும் ஏறத்தாழ அதுதான். இங்கே LCh Color பயன்படுத்தினால் நரையின் வெளிச்சம் அப்படியே தங்கிவிடும். நெற்றியோரம் வெளிறிய பீச் நிறமாக, யார் தலையிலும் வராத ஒரு தோற்றத்தைத் தரும்.

கருப்பு முடிக்கு LCh Color பொருத்தமானது. அதற்கு முன், Curves கொண்டு கருப்பு முடியின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்குக் கார்டே அளவுகோல். அதில் இயற்கை நிற வரிசை ஒன்று இருக்கும். அந்த வரிசையின் 4-ஆம் சுருளையும் அதே படத்தில் சேர்த்து எடுத்து அளந்தோம். அதன் வெளிச்சம் 24. ஆசிரியையின் முடியில் அது 14. ஆகவே 14-ஐ 24 வரை உயர்த்தலாம். அதற்கு மேல் ஒரு புள்ளிகூடக் கூடாது. 38-க்கு உயர்த்தினால் படம் அழகாக இருக்கும், ஆனால் ப்ளீச் செய்யாமல் அந்த நிறம் வராது. மேலும், கருப்பு முடி வெளிறும்போது அடியிலிருந்து சிவப்பு கலந்த செம்மண் சாயல் வெளிப்படும் என்பதால், இந்த லேயரில் மட்டும் திசை எண்ணை 58-இலிருந்து 50 அளவுக்கு இறக்குவது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். லேயரின் அடர்த்தியைப் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்து, ஒளி தெறிக்கும் இழைகளையும் வகிட்டில் தெரியும் தலைத்தோலையும் மாஸ்க்கால் விட்டுவிடுங்கள்.

[திரையில்: நெற்றியோரத்தின் நெருக்கமான காட்சி. திருத்துவதற்கு முன், திருத்திய பின்.]

இனி அடிநிறத்துக்கான திருத்தம். நெற்றியோரத்தில் சாயமும் சருமமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஆசிரியைக்கு நரை மிகுந்த இடமும் அதுவே. பொன் சாயல் முழுச் செறிவோடு இறங்கும் அந்த இடத்தில், ஏற்கெனவே மஞ்சள் தூக்கலாக உள்ள சருமம் இன்னும் மஞ்சளாகி, முகம் சோர்ந்ததுபோலத் தெரிகிறது. பொன் சருமத்துக்குப் பொன் சாயம் என்று பொதுவாகச் சொல்லப்படும் விதி இவருக்கு இங்கே பொருந்தவில்லை.

மென்பொருளில் ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் இதை நொடியில் சரிசெய்துவிடலாம். ஆனால் அப்படிக் கிடைக்கும் நிறம் எந்த ட்யூபிலும் இல்லாமல் போகலாம். கார்டில் உள்ள அடுத்த சுருளுக்கு நகர்வது, அல்லது இரண்டு சுருள்களைக் கலப்பது என்ற இரண்டு வழிகளில் மட்டுமே திருத்த வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 5.1 சாம்பல் சாயல் கொண்டது. இவர் முகத்தருகே வைத்தால் சருமம் மங்கிவிடுகிறது. சாயல் சேராத 5.0 சுருளை அளந்தால் செறிவு 18 வருகிறது. திசை ஏறத்தாழ அதுவே. 5.3-ஐயும் 5.0-ஐயும் சம அளவில் கலந்தால் செறிவு 28-இலிருந்து 23 அளவுக்கு இறங்கும். சாயக் கலவை எண்களின் சராசரியைத் துல்லியமாகப் பின்பற்றாது என்றாலும் முன்தோற்றத்துக்கு இது போதும். நரை நன்றாக மூடுவதற்காக இயற்கை வரிசையைக் கலப்பது பார்லர்களில் வழக்கம்தான் என்பதால், இந்தக் கலவையைக் கேட்பதில் சிரமமும் இல்லை. இந்த நிறத்தை நரை லேயரில் நிரப்பியதும் நெற்றியோரத்து மஞ்சள் தணிந்து, பழுப்பு மட்டும் நிற்கிறது.

சிவப்பு அடிநிறம் உள்ள ஒருவர் செம்பு சாயலான 5.4-ஐத் தேர்ந்திருந்தால், கன்னத்துச் சிவப்பு கூடித் தெரிகிறதா என்று பார்த்து, இதே போல 5.0 கலந்து செறிவைக் குறைக்கலாம்.

ஒரு முக்கியமான வரம்பு உண்டு. மருதாணி இட்டுவந்த நரை வெள்ளை அன்று, ஆரஞ்சு. அதன் மீது கார்டின் நிறம் அப்படியே விழாது. முன்பு கருஞ்சாயம் பூசிய முடியையோ, புதிய சாயம் வெளிறச் செய்வதே இல்லை. இந்த இரு நிலைகளிலும் மேலே சொன்ன கணக்கு செல்லாது.

[திரையில்: சன்னலோரத்தில் வெள்ளைத் தாளின் மீது சோதனை இழை, அருகே அச்சிட்ட முன்தோற்றம்.]

எடுத்த முடிவைச் சரிபார்க்க, நரையும் கருப்பும் கலந்த மெல்லிய கற்றை ஒன்றைப் பிடரிக்கு மேல், வெளியே தெரியாத இடத்தில் நறுக்கி, அதே கலவையை அதே டெவலப்பரோடு பூசி, பெட்டியில் குறித்த நேரம் வைத்துக் கழுவச் சொல்லுங்கள். ஈரமான முடி கருமையாகத் தெரியும். முழுவதும் காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். முதல் படம் எடுத்த அதே சன்னலோரத்தில், அதே வெள்ளைத் தாளின் மீது வைத்துப் படமெடுத்து அளந்து பாருங்கள். நரை இழைகளின் செறிவு 23-ஐவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், கலவையில் 5.0-இன் பங்கை உயர்த்தக் கேளுங்கள். கருப்பு இழைகள் நாம் வரைந்ததைவிடச் சிவந்திருந்தால், கலவையில் சிறிதளவு 5.1 சேர்க்கக் கேட்டு, இன்னொரு மெல்லிய கற்றையில் மீண்டும் சோதித்த பிறகு முழுத் தலைக்கும் பூசச் சொல்லுங்கள்.