இஎம்ஐ சொல்லாத விலை

வணக்கம். முதல் கார் வாங்கப் போகிறவரிடம் ஷோரூமில் கேட்கப்படும் முதல் கேள்வியே "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதாகத்தான் இருக்கும். அக்கறையாகக் கேட்பது போலத் தெரியும். ஆனால் அதற்கு நீங்கள் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், அதற்குள் எந்தக் காரையும் எந்த வட்டியையும் அடக்கிக் காட்டிவிடலாம், மாதங்களை நீட்டினால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காரின் விலை 10 லட்சம், கையிலிருந்து 2 லட்சம் கட்டுகிறீர்கள், மீதி 8 லட்சம் கடன், வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். 3 ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 25,800, மொத்த வட்டி 1.29 லட்சம். 5 ஆண்டு என்றால் தவணை 17,000, வட்டி 2.2 லட்சம். 7 ஆண்டுக்குத் தவணை 13,300-க்கு இறங்கிவிடும், பார்க்க இதமாக இருக்கும், ஆனால் வட்டி 3.15 லட்சத்தைத் தாண்டிவிடும். தவணை பாதியானது, வட்டி இரண்டு மடங்குக்கும் மேலே போனது.

ஏன் இப்படி? முதல் மாதத்தைப் பாருங்கள். 8 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி 6,667, அதில் மாற்றமே கிடையாது, கடன் எத்தனை ஆண்டுக்கு இருந்தாலும் சரி. 5 ஆண்டுக் கடனில் கட்டும் 17,000-இல் அதுபோக 10,300 அசலில் கழியும். 7 ஆண்டுக் கடனில் 6,600 தான் கழியும், அதாவது கட்டியதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. அசல் மெதுவாகக் குறைகிறது, அதனால் அடுத்த மாதத்து வட்டியும் பெரிதாகவே நிற்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வட்டியில் அரை சதவீதம், ஒரு சதவீதம் குறைக்கச் சொல்லி மணிக்கணக்கில் பேரம் பேசுபவர்கள் பலர். தப்பில்லை, பேசுங்கள். ஆனால் மேலே சொன்ன 5 ஆண்டுக் கடனில் 10 சதவீதம் 9 ஆனால் மிச்சமாவது சுமார் 23,000. அதே 10 சதவீதத்திலேயே 7 ஆண்டை 5 ஆண்டாக்கினால் மிச்சம் 95,000-க்கும் மேல்.

வட்டி விஷயத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. "7 சதவீதம்தான் சார்" என்பார்கள், அது ஃபிளாட் ரேட்டாக இருக்கும். அசல் குறையக் குறைய வட்டி குறையாமல், முழு 8 லட்சத்துக்கும் 5 ஆண்டும் 7 சதவீதம் போடுவார்கள். வட்டி 2.8 லட்சம், தவணை 18,000. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இது ஏறக்குறைய 12.5 சதவீதத்துக்குச் சமம், அதாவது 10 சதவீதக் கடனை விட விலை அதிகம். கண்டுபிடிப்பது சுலபம். தவணையை மாதங்களால் பெருக்கிக் கடன் தொகையைக் கழியுங்கள், வருவது மொத்த வட்டி. கடன் தொகைக்கு அவர்கள் சொன்ன சதவீதத்தை எடுத்து, ஆண்டுகளால் பெருக்கினாலும் அதே தொகை அப்படியே வருகிறதா? அப்படியானால் அது ஃபிளாட்.

அப்புறம் முன்பணம். 2 லட்சத்துக்குப் பதில் 4 லட்சம் கட்டினால், 10 சதவீதத்தில் 5 ஆண்டில் 55,000 வட்டி குறையும். அதற்காகச் சேமிப்பை மொத்தமாக வழித்துக் கொடுத்துவிட்டு, திடீர்ச் செலவு வந்ததும் அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கினால் அந்த லாபம் எங்கே நிற்கும்?

ஆனால் முன்பணமே இல்லாமல் 7 ஆண்டுக்கு எடுப்பது இன்னும் ஆபத்து. 10 லட்சமும் கடன் என்றால், 3 ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி 6.5 லட்சத்துக்கு மேல் நிற்கும். காரை விற்றால் 6 லட்சம்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், காரையும் கொடுத்து, கைக்காசிலிருந்து 50,000-க்கு மேல் போட்டுத்தான் கடனிலிருந்து வெளியே வர முடியும். கார் விபத்தில் மொத்தமாகப் போனாலும் இதே கதைதான், சாதாரண காப்பீடு தருவது காரின் அன்றைய மதிப்பையொட்டிய தொகையை, உங்கள் கடன் பாக்கியை அல்ல. ஆகவே கையெழுத்துப் போடும் முன் தவணை அட்டவணையை வாங்கி, 36-வது மாத வரிசையில் பாக்கி எவ்வளவு என்று பாருங்கள், அதே மாடலில் 3 ஆண்டு ஓடிய கார் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்றும் விசாரியுங்கள். பாக்கி அந்த விலையைத் தாண்டினால் முன்பணத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் காலத்தைக் குறையுங்கள், இரண்டுக்கும் வழியில்லையென்றால் அதைவிட விலை குறைந்த காரைப் பாருங்கள்.