நீண்டகால ஆர்டரில் உலோக விலைக்கேற்ப விலையை மாற்றும் சூத்திரம்

வணக்கம். அலுமினிய டை காஸ்டிங் செய்யும் சிறிய ஆலைக்கு, மோட்டார் உறை ஒன்றை ஓராண்டு முழுவதும் மாதம் 10,000 வீதம் வழங்கும் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லண்டன் உலோகச் சந்தையில் அலுமினியம் 2022 மார்ச்சில் டன்னுக்கு 4,000 டாலரைத் தாண்டியது; அதே ஆண்டு ஜூலையில் 2,500 டாலருக்குக் கீழே இறங்கியது. இப்படிப்பட்ட சந்தையில் ஓராண்டுக்கு ஒரே விலை பேசினால், ஆலையோ வாங்குபவரோ யாராவது ஒருவர் நடுவழியில் ஆர்டரை விட்டு விலகத்தான் பார்ப்பார்கள். ஆகவே, விலைப்புள்ளிக் கடிதத்திலேயே இந்தச் சூத்திரத்தை முன்வையுங்கள்.

```
P = P0 + W × (M − M0)
```

P0 இன்று ஒப்புக்கொண்ட விலை; அதை 250 ரூபாய் என்று கொள்வோம். W ஓர் உறைக்குச் செலவாகும் உலோகம். உறையின் எடை 0.70 கிலோ, உருக்கும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 0.73 கிலோ. ரன்னர், கேட் ஆகியவை மீண்டும் உலைக்கே போவதால் அவற்றின் எடையைச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் வாங்குபவரின் பொறியாளர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். M0 அடிப்படைக் காலத்தின் சராசரி உலோக விலை, கிலோவுக்கு 240 ரூபாய். M காலாண்டுதோறும் கணக்கிடும் புதிய சராசரி. M 264 ஆனால், 24 ரூபாயை 0.73 ஆல் பெருக்க 17.52 வரும், புதிய விலை 267.52. உலோகம் 10 விழுக்காடு ஏறியது என்பதற்காக 275 கேட்பது நியாயமில்லை, ஏனென்றால் கூலியும் மின்சாரமும் அத்துடன் ஏறவில்லை.

சிறிய ஏற்ற இறக்கங்களுக்கு விலையை மாற்ற வேண்டாம் என்று 3 விழுக்காடு வரம்பு வைப்பதுண்டு. இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். வரம்பை முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால், 240 என்பது 244, 248, 252 என்று ஏறும்போது ஒவ்வொரு படியும் 2 விழுக்காட்டுக்குள்ளேயே நிற்கும். விலை ஒருமுறைகூட மாறாது. ஆனால் கடைசியில் உறை ஒன்றுக்கு 8.76 ரூபாய், மாதத்திற்கு 87,600 ரூபாய் ஆலையின் தலையில் விழும். எனவே கடைசியாக விலை நிர்ணயித்தபோது இருந்த M உடன்தான் ஒப்பிட வேண்டும். வரம்பைத் தாண்டியதும் முழு வேறுபாடும், ஏறினாலும் இறங்கினாலும், விலையில் சேர வேண்டும்.

எந்த விலைக் குறியீட்டை வைத்து M கணக்கிடுகிறோம் என்பதும் முக்கியம். லண்டன் விலை முதன்மை அலுமினியத்துக்கானது. நாம் ஊற்றுவது பெரும்பாலும் மறுசுழற்சியில் கிடைக்கும் ஏடிசி 12 கலவை. இரண்டும் எப்போதும் ஒன்றாக நகர்வதில்லை. ஆகவே, உங்கள் கொள்முதல் பில்களின் இரண்டாண்டு விலையைக் குறியீட்டின் மாதச் சராசரியோடு, அன்றைய டாலர் மதிப்பில் ரூபாயாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக ஆடினால், இரு தரப்பும் ஏற்கும் உள்நாட்டுக் கலவை விலை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

காலாண்டு தொடங்கும் முன்பே விலை தெரிய வேண்டுமானால், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான விலைக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான சராசரியை எடுங்கள். புதிய விலை ஆர்டர் எழுதிய தேதிக்கா, சரக்கு அனுப்பும் தேதிக்கா என்பதையும் எழுதிவிடுங்கள். அனுப்பும் தேதியையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஆலையின் தாமதத்தால் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போன சரக்குக்கு, இரண்டு விலைகளில் குறைந்ததே பொருந்தும் என்றும் சேர்த்துக்கொண்டால் வாங்குபவர் தயங்காமல் கையெழுத்திடுவார்.