மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள்

நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் ரத்த அழுத்தம் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லி, ஒரு மருத்துவர் தன் குறிப்புகளை என்னிடம் தந்தார். பாதி மருந்துப் பெயர்கள், மீதி எண்கள். அப்படியே வாசித்தால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். அதில் ஒரு நோயாளியைப் பற்றி நாலே வரி இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"பெண், வயது 54. முதல் அளவு 166/100. அம்லோடிபின் 5 மில்லிகிராம், நான்கு வாரத்தில் 130/82. தானாகவே நிறுத்திவிட்டார், மூன்றாம் நாள் 132/84. மூன்றாம் வாரம் 158/96."

முதல் எண்ணிலிருந்து தொடங்குவோம். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் மேல் அளவு. இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் ஓயும்போது இருப்பது கீழ் அளவு. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு 166 வந்தும் மருத்துவர் உடனே மாத்திரை எழுதவில்லை. காரணம், அவர் வேகமாக நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டியிருந்தார். அளக்கும்போது பேசிக்கொண்டும் இருந்தார். கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இவை ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றிவிடும். கை இதயத்தின் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கினால் அது மட்டுமே 10 புள்ளிக்கு மேல் கூட்டிக் காட்டும். பேசினாலும் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தையும் அது காட்டும். அதனால் மருத்துவர் அந்த அம்மாவை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்தார். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில், கால்மேல் கால் இல்லை. சட்டைக் கையை விலக்கி, வெறும் கையில் பட்டை, கை மேசைமேல். இப்போது 154/96.

குறைந்தது, ஆனாலும் அதிகம்தான். அடுத்த ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதச் சொன்னார். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, புகை எதுவும் கூடாது. முதல் நாள் எண்கள் பதற்றத்தில் வந்தவை என்று அவற்றை விட்டுவிட்டு, மற்ற நாட்களின் சராசரியைப் பார்த்தார்: 148/92. வீட்டு அளவுக்கு வரம்பு 135/85 என்று கொஞ்சம் தாழ்வாகவே வைத்திருக்கிறார்கள். ஆக, சந்தேகம் தீர்ந்தது. ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் தப்பு, ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியாவதும் தப்பு. இரண்டாவது தப்புதான் அடுத்து நடந்தது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த அம்லோடிபின் மாத்திரை ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. மாத்திரை உடம்பில் இருக்கும் வரைதான் இந்த வேலை. அழுத்தம் ஏறியதற்கான காரணத்தை அது மாற்றுவதில்லை. நான்கு வாரத்தில் 130/82 வந்ததும் அந்த அம்மா, குணமாகிவிட்டது என்று நிறுத்தினார். மூன்றாம் நாள் அளந்தால் 132/84. 'பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே சரியாகத்தானே இருக்கிறது' என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

அந்த மூன்றாம் நாள் அளவு பொய்யில்லை. ஆனால் அது மாத்திரையின் அளவு, அவருடைய அளவு இல்லை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் பிடிக்கும். மூன்றாம் நாளில் கால்வாசிக்கு மேல் உள்ளேயே இருக்கும். முழுதும் வெளியேற ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம். அதற்குள் அளந்து பார்க்கிறவர் ஏமாறத்தான் செய்வார். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்போது தலைவலியோ மயக்கமோ வந்து எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது. பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்த அம்மாவும் மூன்றாம் வாரம் வேறு எதற்கோ போன இடத்தில் அளந்ததால்தான் 158/96 என்று தெரிந்தது.

எல்லா மாத்திரையும் இப்படி மெதுவாக விடைபெறாது. அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே துடிப்பும் அழுத்தமும் எகிறலாம். இதய நோய் இருப்பவருக்கு நெஞ்சுவலியே வரலாம். எந்த மாத்திரையாக இருந்தாலும் குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யச் சொல்வது இதனால்தான்.

குணமாகிவிட்டது என்று சொன்னாலும், நிறுத்தியதற்கு உண்மையான காரணம் வேறு என்று பிறகு தெரிந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. அம்லோடிபின் சாப்பிடுகிற சிலருக்கு இது வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது டெல்மிசார்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார்கள். (கருவுற்றவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் டெல்மிசார்டன் எடுக்கக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.) இதயம், சிறுநீரகக் கோளாறிலும் கால் வீங்கலாம் என்பதால், வீக்கத்தை மறைக்காமல் காட்டுவதுதான் முக்கியம். எனலாப்ரில் எடுப்பவர்களுக்கு விடாத வறட்டு இருமல் வந்தால் அதற்கும் இதே பதில். தொந்தரவு தந்த மாத்திரையை மாற்றலாம், வைத்தியத்தைக் கைவிட வேண்டியதில்லை.

உப்பைப் பற்றிக் குறிப்பில் ஒரே வரிதான்: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி மட்டமாக. சமையலில் சேர்த்தது, மேலே தூவிக்கொண்டது, பாக்கெட்டில் அடைத்து வருவதில் உள்ளது எல்லாம் சேர்ந்து இவ்வளவு. உப்பைக் குறைத்தால் மேல் அளவு சில புள்ளிகள் இறங்கும், மாத்திரையும் நன்றாக வேலை செய்யும். மூட்டுவலிக்கு நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை இதற்கு நேர் எதிர். உப்பை உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். நன்றாக இறங்கிக்கொண்டிருந்த அளவு காரணமில்லாமல் ஏறினால், முதலில் கேட்க வேண்டியது வலி மாத்திரையைப் பற்றித்தான்.

அந்த அம்மா இப்போது வேறு மாத்திரையில் இருக்கிறார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கூட்டங்களில் தவறாமல் வரும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் அளக்கும்போது 180/120 காட்டினால் என்ன செய்வது? நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கடுமையான தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்து பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதுவுமே இல்லையென்றால் ஐந்து நிமிடம் அமர்ந்து திரும்ப அளக்கவும். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கவும். பயத்தில் இரண்டு மூன்று மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளவோ, நாக்குக்கு அடியில் எதையும் வைத்துக்கொள்ளவோ வேண்டாம். அழுத்தம் சட்டென்று விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால்? தினம் ஒன்று என்றால், அன்றைக்கே நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வருகிறது என்றால் அன்றைய மாத்திரை மட்டும் போதும், இரண்டாகப் போடக் கூடாது. நன்றி, வணக்கம்.