பத்து ரூபாய் என்று காட்டிய காயின்

வணக்கம். போன மாதம் ஒரு சாயங்காலம், பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் போனை நீட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். "அண்ணா, இந்தக் கிரிப்டோ காயின் பத்து ரூபாய்னு காட்டிச்சு. பத்தாயிரம் காயின் வித்தேன். லட்சம் வரணும். தொண்ணூறாயிரம்கூட வரலை. ஏமாத்திட்டாங்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. திரையில் பெரிதாகத் தெரிந்த அந்தப் பத்து ரூபாய், கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அது வெறும் ஐம்பது காயினுக்கு நடந்த வியாபாரமாகக்கூட இருக்கலாம். அடுத்து வரும் பத்தாயிரம் காயினையும் அதே விலைக்கு எடுக்க ஆள் உண்டா என்பது அதில் தெரியாது. அது தெரிகிற இடம் ஆர்டர் புக். வாங்க நிற்பவர்கள் என்ன விலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பது ஒரு பக்கம். விற்க நிற்பவர்கள் என்ன விலை சொல்கிறார்கள் என்பது மறுபக்கம்.

தம்பியின் விற்பனை விவரத்தைத் திறந்து பார்த்தோம். ஒரே ஆர்டர் நான்கு துண்டாகப் போயிருந்தது. முதல் ஆயிரம் காயின் 9.90 ரூபாய்க்கு. அந்த விலைக்கு வாங்க அதற்கு மேல் ஆள் இல்லை. அடுத்த இரண்டாயிரம் 9.70-க்கு. அப்புறம் மூவாயிரம் 9.20-க்கு. மிச்சம் நாலாயிரமும் 8.50-க்கு இறங்கிப் போய் விற்றிருக்கிறது. கூட்டினால் 90,900 ரூபாய், சராசரி 9.09. அதில் 1 சதவீத டிடிஎஸ் 909 ரூபாயும் எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் போக மிச்சம்தான் கைக்கு வந்தது.

அவர் போட்டது மார்க்கெட் ஆர்டர். "என்ன விலையானாலும் சரி, இப்போதே விற்றுவிடு" என்பதுதான் அதன் பொருள். கே.ஆர். மார்க்கெட்டில் பத்துக் கூடை மல்லிகையை ஒரே நேரத்தில் தள்ளிவிட நினைப்பவருக்கு முதல் கூடைக்குக் கிடைக்கிற விலை பத்தாவது கூடைக்குக் கிடைக்காது. இந்த இறக்கத்தைத்தான் ஸ்லிப்பேஜ் என்கிறோம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது அதே காயின் மறுபடி 9.80-ல் நின்றது. காயினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில் புக் அவ்வளவு மெலிசாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏன் மெலிசாகிறது? பெரிய காயின்களில் இரண்டு பக்கமும் ஓயாமல் ஆர்டர் வைத்து, சிறு வித்தியாசத்தில் சம்பாதிக்கும் மார்க்கெட் மேக்கர்கள் இருப்பார்கள். சின்னக் காயினில் விலை எப்போது எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. அதனால் அவர்கள் கொஞ்சமாகவே வைப்பார்கள், அதையும் தள்ளித் தள்ளி வைப்பார்கள். நம் நாட்டில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். ஒரு நாளில் நூறு தடவை வாங்கி விற்பவருக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு விற்பனையிலும் முதலில் ஒரு பங்கு முடங்கிவிடும். அவர்கள் ஒதுங்கினால், காயினை ரூபாய்க்கு வாங்கி விற்கும் புக் மெலியத்தானே செய்யும்?

சரி, விற்பதற்கு முன்னால் எதைப் பார்ப்பது? நான் செய்வது இதுதான். இப்போதைய விலையிலிருந்து 2 சதவீதம் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்வேன். பத்து ரூபாய் என்றால் 9.80. அந்தக் கோட்டுக்கு மேலே வாங்க நிற்பவர்கள் கேட்கும் அளவைக் கூட்டுவேன். தம்பியின் காயினில் அது ஆயிரம் மட்டுமே, ரூபாயில் 9,900. அவர் கையில் இருந்ததோ அதைப்போலப் பத்து மடங்கு. ஆர்டர் போடுவதற்கு முன்பே இது தெரிந்திருக்கும்.

ஆர்டர் புக்கைப் படமாகக் காட்டும் டெப்த் சார்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். வாங்குபவர்களின் பச்சை மலை, விற்பவர்களின் சிவப்பு மலை இரண்டும் எந்தக் காயினுக்கும் ஓங்கித்தான் தெரியும். படம் தானாகவே அளவை மாற்றிக்கொள்கிறது. அதனால் மலையை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் எண்களைப் படியுங்கள். நடுவில் திடீரென்று செங்குத்தாக ஒரு சுவர் எழுந்தால் அது ஒரே ஆளின் ஆர்டராக இருக்கலாம். விலை பக்கத்தில் வந்ததும் அவர் அதை எடுத்துவிட்டால் நீங்கள் நம்பிய சுவர் காணாமல் போய்விடும். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நிற்கிறதா, நகர்கிறதா என்று தெரியும்.

தம்பி இப்போது வேறொரு காயினை விற்கிறார். "இந்த விலைக்குக் கீழே விற்காதே" என்று சொல்லும் லிமிட் ஆர்டரில் ஐந்நூறு போடுகிறார், வாங்கும் பக்கம் மறுபடி நிரம்பும்வரை காத்திருக்கிறார், அப்புறம் அடுத்த ஐந்நூறு. சில சமயம் ஐந்து நிமிடத்தில் நிரம்புகிறது, சில சமயம் மதியம்வரை நிரம்புவதில்லை. காத்திருக்கும்போது விலையே இறங்கிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் காத்திருக்கிறார்.