மூன்று ஸ்ட்ரைக்குக்கும் 25.00% என்று காட்டினால் நம்பாதீர்கள் | பைசெக்‌ஷனில் இம்ப்ளைட் வொலட்டிலிட்டி

வணக்கம் மக்களே. இன்று நான் கொஞ்சம் கடுப்பில் இருக்கிறேன், குரலிலேயே தெரிந்திருக்கும். ஒரு ஆன்லைன் கால்குலேட்டரில் ஆப்ஷன் விலைகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த கால்குலேட்டர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். 60, 65, 70 என்று மூன்று ஸ்ட்ரைக். மூன்றுக்கும் இம்ப்ளைட் வொலட்டிலிட்டி, அதாவது ஆப்ஷன் விலையிலிருந்து திரும்பக் கணக்கிடும் வொலட்டிலிட்டி, 25.00% என்று காட்டுகிறது. 24.8 இல்லை, 25.3 இல்லை, மூன்றுக்கும் அச்சடித்த மாதிரி 25.00! அதுவும் பச்சை நிறத்தில், பக்கத்தில் ஒரு டிக் வேறு. அந்த டிக்தான் எனக்கு ரொம்ப எரிச்சல்.

நம் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எனக்கு பைசெக்‌ஷன் என்றால் உயிர். விடை இருக்கும் எல்லையைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய் விடையைப் பிடிக்கும் முறை அது. நியூட்டன் முறை வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேகா, அதாவது வொலட்டிலிட்டி நகர்ந்தால் விலை எவ்வளவு நகரும் என்பது, சின்னதாக இருக்கும் இடத்தில் அது எங்கே தாவும் என்று அதற்கே தெரியாது. பைசெக்‌ஷன் அப்படிக் கைவிடாது. அதனால்தான் இந்த 25.00-ஐப் பார்த்ததும் கோபம் வந்தது, ஏனென்றால் இது பைசெக்‌ஷன் வேலை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முறை நல்லது, எழுதியவர் அதை எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் சிக்கல்.

சரி, முதலில் ஒழுங்காக நடக்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஸ்பாட் 100, ஸ்ட்ரைக் 105, ஒரு கால் ஆப்ஷன், மார்க்கெட்டில் அதன் விலை 4.00. பிளாக்-ஷோல்ஸ் ஃபார்முலாவில் ஸ்பாட், ஸ்ட்ரைக், காலம், வட்டி, வொலட்டிலிட்டி என்று ஐந்தையும் போட்டால் விலை வரும். நமக்கு விலை தெரியும், வொலட்டிலிட்டிதான், அதாவது சிக்மாதான், தெரியாது. ஃபார்முலாவைத் திருப்பிப் போட்டு சிக்மாவை நேராக எடுக்க முடியாது, அது நார்மல் பரவலுக்குள் இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் ஊகித்து, விலை போட்டுப் பார்த்து, ஊகத்தைத் திருத்த வேண்டும்.

இந்த ஊகம் ஏன் வேலை செய்கிறது என்றால், சிக்மா ஏறினால் கால் விலையும் ஏறும், ஒருபோதும் இறங்காது. சிக்மா பூஜ்ஜியத்தை நெருங்கும்போது விலை `max(0, S - K*exp(-rT))` என்ற தரைக்கு வந்து நிற்கும். சிக்மா எவ்வளவு பெரிதானாலும் விலை ஸ்பாட்டைத் தாண்டாது. மார்க்கெட் விலை இந்தத் தரைக்கும் கூரைக்கும் நடுவில் இருந்தால் அதற்குப் பொருந்தும் சிக்மா ஒன்று கண்டிப்பாக உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு.

0-க்கும் 1-க்கும் நடுவில், அதாவது 0%-க்கும் 100%-க்கும் நடுவில் விடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளி 0.5. விலை போட்டால் 8.39. நமக்கு வேண்டியது 4.00, அதனால் மேல் பாதியை அப்படியே தூக்கிப் போடு. அடுத்த நடு 0.25, விலை 3.44. குறைவு, இந்தத் தடவை கீழ்ப் பாதி போயிற்று. 0.375-ல் 5.90, அதிகம். 0.3125-ல் 4.66, அதிகம். 0.28125-ல் 4.05, இன்னும் அதிகம் ஆனால் வாசலுக்கு வந்துவிட்டோம். 0.265625-ல் 3.74, குறைவு. ஆக விடை 0.2656-க்கும் 0.2813-க்கும் நடுவில். இப்படியே போனால் சுமார் 27.9% என்று நிற்கும்.

அட, முக்கியமானதைச் சொல்லாமல் ஓடிவிட்டேன். எக்ஸ்பைரிக்கு மூன்று மாதம், அதாவது T = 0.25. வட்டி வருடத்துக்கு 5%. டிவிடெண்ட் இல்லை, ஐரோப்பிய வகை ஆப்ஷன். கூடவே கால்குலேட்டரில் போட்டுக்கொண்டே வந்தவர்கள் இவ்வளவு நேரம் என்னைத் திட்டியிருப்பீர்கள். இந்த T-ஐ நாளாகப் போடாதீர்கள், வருடமாகப் போடுங்கள். 90 என்று போட்டுவிட்டு சிக்மா ஏன் பூஜ்ஜியத்துக்கே ஓடுகிறது என்று கேட்டு எனக்கு மெசேஜ் வருகிறது.

எத்தனை தடவை பாதியாக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதுதான் எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்தது. அகலம் 1-ல் தொடங்கி ஒவ்வொரு தடவையும் பாதியாகிறது. 14 தடவையில் 0.0001-க்குக் கீழே, 20 தடவையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே. விடை 100%-க்குள் இருக்கும் எந்த ஆப்ஷனாக இருந்தாலும் அதே 20தான்.

கோட் இதோ:

```python
from math import log, sqrt, exp, erf

def N(x):
    return 0.5 * (1 + erf(x / sqrt(2)))

def call(S, K, T, r, s):
    d1 = (log(S/K) + (r + s*s/2)*T) / (s*sqrt(T))
    return S*N(d1) - K*exp(-r*T)*N(d1 - s*sqrt(T))

def iv(price, S, K, T, r, tol=1e-6):
    floor = max(0.0, S - K*exp(-r*T))
    if price <= floor or price >= S:
        return None
    lo, hi = 0.0, 1.0
    while call(S, K, T, r, hi) < price:
        hi *= 2
    while hi - lo > tol:
        mid = (lo + hi) / 2
        if call(S, K, T, r, mid) < price:
            lo = mid
        else:
            hi = mid
    return (lo + hi) / 2
```

இதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் நான் இதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன். `lo = 0.0` என்று வைத்திருக்கிறேன், `d1`-ல் சிக்மாவால் வகுக்கிறோம், அப்படியென்றால் வெடிக்காதா? வெடிக்காது, ஏனென்றால் `lo`-வில் நின்று விலை கேட்கவே இல்லை. நடுப்புள்ளியிலும் `hi`-யிலும் மட்டும்தான் கேட்கிறோம், நடுப்புள்ளி ஒருபோதும் பூஜ்ஜியம் ஆகாது. `lo`-வில் விலை என்ன என்பது ஏற்கெனவே தெரியும், அதுதான் `floor`. இதைத் தெரியாமல் 0.0001, 0.001 என்று ஆளாளுக்கு ஒரு கீழ் எல்லையை வைக்கிறார்கள். தேவையே இல்லை! இந்த ஒரு வரியை நினைத்து நான் இரண்டு நாளாகச் சந்தோஷமாக இருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

இப்போது அந்த 25.00-க்கு வருவோம். ஸ்ட்ரைக் 70-ஐ எடுங்கள், மற்றதெல்லாம் முன்பு சொன்னதுதான். 70-ஐ மூன்று மாதத்துக்கு டிஸ்கவுன்ட் செய்தால் 69.13. அதனால் கால் விலையின் தரை 30.87, துல்லியமாகச் சொன்னால் 30.8696. மார்க்கெட்டில் விலை 30.87. சிக்மா 25% போட்டால் விலை 30.874. 10% போட்டால் 30.870. 5% போட்டாலும் 30.870. ரவுண்ட் செய்தால் எல்லாமே 30.87தான். மொத்த வித்தியாசமே அரைப் பைசா அளவுகூட இல்லை. ஸ்பாட் ஸ்ட்ரைக்கைவிட இவ்வளவு மேலே இருக்கும்போது வேகா கிட்டத்தட்ட செத்துவிட்டது, விலைக்கு வொலட்டிலிட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த கால்குலேட்டர் என்ன செய்கிறது? என் கணிப்பு, `hi - lo`-வைப் பார்க்காமல், வந்த விலைக்கும் மார்க்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசம் 0.01-க்குள் வந்தால் நிறுத்துகிறது. 0.5-ல் வித்தியாசம் அதிகம், தாண்டுகிறது. 0.25-க்கு வந்ததும் வித்தியாசம் 0.005-க்கும் கீழே, போதும் என்று நிறுத்திவிட்டு டிக் போடுகிறது. 60-க்கும் 65-க்கும் இதே கதை, அதனால்தான் மூன்றும் ஒன்று. அது காட்டியது வொலட்டிலிட்டியே இல்லை, 0-க்கும் 0.5-க்கும் நடுப்புள்ளி! 0-லிருந்து 2 வரை தேடியிருந்தாலும் 1, 0.5, 0.25 என்று இதே இடத்துக்குத்தான் வரும். 0-லிருந்து 3 என்று வைத்தால் 18.75% என்று காட்டும். உங்கள் பட்டியலில் 50, 25, 12.5, 18.75 மாதிரி எண்கள் பளிச்சென்று திரும்பத் திரும்ப வந்தால் தேடும் எல்லையை மாற்றிப் பாருங்கள். எல்லையோடு விடையும் மாறினால் அது குப்பை.

சரி, நாம் சிக்மாவின் அகலத்தைப் பார்த்து நிறுத்தினால் தப்பித்தோமா? பாதிதான். கணக்கு சரியாக நிற்கும், ஆனால் உள்ளே போட்ட விலையே ஆடுகிறது. இதே ஸ்ட்ரைக் 70-க்கு பிட் 30.80, ஆஸ்க் 31.10 என்று வைத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு உள்ளே இருக்கும் ஸ்ட்ரைக்கில் இப்படி அகலமாகத்தான் கிடக்கும். ஆஸ்க்கைப் போட்டால் இம்ப்ளைட் வொலட்டிலிட்டி 40%-ஐ ஒட்டி வரும். நடு விலை 30.95-ஐப் போட்டால் சுமார் 34%. பிட்டைப் போட்டால் விடையே இல்லை, 30.80 தரைக்குக் கீழே இருக்கிறது. கோடில் `None` வருவது இதற்காகத்தான். அந்தச் சோதனை இல்லாத கோட் என்ன செய்யும் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் விலை அதிகம் என்று கீழ்ப் பாதிக்கே போய், கடைசியில் 0.00% என்று காட்டும். கடைசியாக வர்த்தகமான விலையைப் போடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அந்த வர்த்தகம் காலையில் நடந்திருக்கும், ஸ்பாட் மட்டும் இப்போதையது.

அதனால் நான் செய்வது, 70 ஸ்ட்ரைக்கில் வொலட்டிலிட்டி வேண்டுமென்றால் காலைத் தொடவே மாட்டேன், அதே ஸ்ட்ரைக்கின் புட்டை எடுப்பேன். ஐரோப்பிய வகையில் புட்-கால் பாரிட்டிப்படி இரண்டுக்கும் ஒரே சிக்மாதான். ஆனால் காலின் 30.95-ல் 30.87 வெறும் தரை, மிச்சம் எட்டுப் பைசா அளவுதான் வொலட்டிலிட்டி பேசுகிறது. புட்டில் அந்த 0.08 மட்டுமே முழு விலை. பிட், ஆஸ்க் இரண்டும் அந்த 0.08-ஐச் சுற்றித்தான் இருக்கும், அதனால் பெரும்பாலும் இடைவெளியும் சின்னது. கோடில் மாற்ற வேண்டியதும் ஒன்றுதான்: புட் விலையோடு `S - K*exp(-r*T)`-ஐக் கூட்டி `price`-ஆகக் கொடுங்கள், மற்றது அப்படியே ஓடும். 105 ஸ்ட்ரைக்குக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம், அங்கே சிக்மா ஒரு சதவீதப் புள்ளி நகர்ந்தால் விலை கிட்டத்தட்ட 0.20 நகரும், கால் விலையையே நேராகப் போடலாம்.

அமெரிக்க வகை ஆப்ஷனுக்கு இதைப் போடாதீர்கள், அங்கே பாரிட்டி சமமாக நிற்காது, `call` இருக்கும் இடத்தில் பைனாமியல் ட்ரீ வைக்க வேண்டும். பாதியாக்கும் பகுதி அதேதான். அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். இந்த வீடியோவுக்குக் கீழே நியூட்டன்தான் பெஸ்ட் என்று எழுதப்போகிறவர்கள், முதலில் ஸ்ட்ரைக் 70, விலை 30.88, ஆரம்ப ஊகம் 0.10 என்று போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.